கணவரின் இடமாற்றமும் மனைவியின் செவ்வாய்க்கிழமையும்: கிளிநொச்சியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

உளவளத்துணைக்காக என்னிடம் வந்த துணைநாடி 32 வயதுப் பெண். திருமணமாகி மூன்று ஆண்டுகள், பிள்ளைகள் இல்லை. கொழும்பில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்து, தனக்குக் கீழே நான்கு பேர் இருக்கும் நிலைக்கு வந்தவர். கணவர் அரச பொறியியலாளர். அவருக்குக் கிளிநொச்சிக்கு இடமாற்றம் வந்தபோது, வெள்ளவத்தை அனெக்ஸைக் காலி செய்துவிட்டு ஒன்றாகவே போவது என்று இருவரும் பேசித்தான் முடிவெடுத்தார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், பின்னர் வந்த கஷ்டத்துக்குக் குற்றம் சாட்ட அவருக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் வாசித்துச் சம்மதித்த பிரதி இது.

வந்து ஏழு மாதமானபோது தலையிடியும் நித்திரையின்மையும் என்று வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார். இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைரோயிட் இரண்டும் பார்த்தார்கள், வழமையாகவே இருந்தன. அங்கிருந்துதான் உளவளத்துணைக்கு அனுப்பப்பட்டார். முதல் நாள் கதிரையில் இருந்ததும் சொன்னது: "ஒரு குறையும் இல்லை மிஸ். ஏன் வந்தனான் எண்டே எனக்குத் தெரியேல்ல."

அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். பகலில் படுக்கை. சமையல் செய்வார், ஆனால் தனக்கென்று போட்டுச் சாப்பிடமாட்டார். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 வினாக்கொத்தில் 27க்கு 13 புள்ளிகள் வந்தன, அதாவது நடுத்தர அளவு. உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிய கேள்விக்குப் பூச்சியம் போட்டிருந்தார். தாளை நம்பி விட்டுவிடாமல் வாயாலும் கேட்டேன், இல்லை. கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு வீட்டில் அடி, மிரட்டல், காசைக் கையில் தராமை ஏதும் உண்டா என்றும் கேட்டேன். அதுவும் இல்லை. இடம்பெயர்ந்து வந்த மனைவிமாரில் இந்தக் கேள்வியைத் தவறவிட்டால் அதன் பிறகு செய்யும் எல்லாமே பிழையாகப் போகலாம். வேலையை விடவைத்து, ஊரைவிட்டுக் கூட்டிவந்து, தனிமைப்படுத்துவது துன்புறுத்தலின் ஒரு வழியும்கூட. இங்கே அப்படி இருக்கவில்லை.

ஒரு விடயம் மட்டும் புதிதாக இருந்தது. நோவு எல்லா நாளும் ஒரே அளவில் இல்லை. ஒவ்வொரு மாதமும் 27, 28ஆம் திகதியளவில் கூடி, அடுத்த மாதம் ஐந்தாம் திகதிக்குப் பிறகு குறைந்தது. மாதவிடாய்த் திகதியோடு அது பொருந்தவில்லை. கொழும்பில் அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று கேட்டபோது அவரே சிரித்துவிட்டார். மாத முடிவுக் கணக்கு. இரவு ஒன்பது மணிவரை அலுவலகம், கடையில் எடுத்த கொத்து, வங்கிக் கூற்றோடு ஏட்டை இணக்கி முடிக்கிற பரபரப்பு. அந்த நாட்களைத் திட்டித் திட்டித்தான் ஒன்பது வருடம் செய்திருக்கிறார். உடம்பு இன்னும் அந்தக் கலண்டரிலேயே நடந்துகொண்டிருந்தது, வேலைதான் இல்லை.

இனி வன்னிக்கே உரிய ஒரு சிக்கல். இதை வேறு மாவட்டங்களில் இந்த அளவுக்கு நான் கண்டதில்லை. குவாட்டஸுக்குப் பக்கத்து வீட்டு அம்மா 2009இல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், மெனிக் பாம் முகாமிலிருந்து மீளக்குடியேறியவர். பால் கொண்டுவரும் ஐயாவுக்கு ஒரு கால் இல்லை. இவர்கள் நடுவே, ஏசி பூட்டிய அறையும் கணவரின் சம்பளமும் உள்ள ஒரு பெண், "எனக்கு என்ர வேலை போட்டுது" என்று எப்படி அழுவது? அவர் அழவில்லை. கொழும்புச் சிநேகிதிகளுக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. "இந்தச் சனத்தைப் பாக்கேக்க எனக்கே வெக்கமாக் கிடக்கு" என்றார். பெரிய துயரம் உள்ள ஊரில் சின்னத் துயரத்துக்கு வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை. அது தலையிடியாகவும் நித்திரையின்மையாகவும் வெளியே வருகிறது. "உங்கட துக்கத்தை அவையின்ர துக்கத்தோட தராசில போடவேண்டாம், இந்த அறைக்குள்ள தராசு இல்லை" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அலுவலகத்தின் கடைசி நாள், திருப்பிக் கொடுத்த அடையாள அட்டை, தன்னுடைய எக்செல் கோப்புகளை இன்னொரு பெண்ணுக்கு ஒப்படைத்தது எல்லாம் கதையாக வந்தன. ஒரு முழுச் சந்திப்பும் அதற்கே போயிற்று.

எல்லாரும் அவருக்கு ஆலோசனை சொல்லியிருந்தார்கள். மாமி, ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரிவரும் என்றார். கணவரின் அலுவலக நண்பரின் மனைவி, ஓ.எல் பிள்ளைகளுக்குக் கணக்கியல் ரியூஷன் கொடுக்கச் சொன்னார். தங்கை யோகா வீடியோ அனுப்பினார். எல்லா ஆலோசனைக்கும் அடியில் ஒரே கணிப்புத்தான்: பொழுது போகவில்லை, அதை நிரப்பு. அவரும் நிரப்பிப் பார்த்திருக்கிறார். ஐந்தரைக்கு நடை, பிறகு யோகா, பத்து மணிக்கு இணையவழிப் பாடநெறி, பின்னேரம் வீட்டுத் தோட்டம். கொப்பியில் கோடு கீறி வர்ணமடித்த அந்த அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினார். மூன்றாம் வாரத்தோடு அது நின்றுபோயிருந்தது. "நான் செய்யாட்டியும் ஒண்டும் நடக்காது தானே மிஸ்" என்றார். அந்தச் சொல்லை நான் அடிக்கோடிட்டு வைத்தேன்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு வார நாட்குறிப்பு எழுதிவரச் சொன்னேன். மனச்சோர்வுச் சிகிச்சையில் நடத்தைச் செயலூக்கம் என்ற முறையில் வழமையாகப் பயன்படுவது அது. ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தேன், அதில் எவ்வளவு சந்தோசம், எவ்வளவு 'என்னால் முடிந்தது' என்ற உணர்வு, இரண்டுக்கும் பூச்சியத்திலிருந்து பத்துவரை புள்ளி. அதோடு நான் ஒரு நிரல் சேர்த்துக் கொடுப்பேன்: இந்த மணியை யார் தீர்மானித்தது? பெயரை மட்டும் எழுதினால் போதும்.

அவருடைய செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது. 5.30 எழும்பி கணவருக்குக் காலைச் சாப்பாடும் மத்தியானப் பார்சலும்; முடிந்தது 4, சந்தோசம் 2, தீர்மானித்தது கணவர். 8.00 உடுப்புத் தோய்த்தல். 3, 1, 'தண்ணி வாற நேரம்' என்று எழுதியிருந்தார். 9.30 முதல் 11.00 வரை போன், லிங்க்ட்இன்னில் பழைய ஆட்களின் பதவி உயர்வு; 0, 0, 'ஒருத்தரும் இல்லை'. 12.00 முதல் 3.00 வரை படுக்கை. 4.00 தேத்தண்ணி. 5.30க்குக் கணவரின் அழைப்பு: போகத்துக்கான தண்ணீர் திறக்கும் விடயமாகக் கமக்காரர் அமைப்புகளோடு கூட்டம், எட்டரையாகும். அதன் பிறகு காத்திருப்பு. தீர்மானித்தது: 'குளம்'. குளத்து நீர்மட்டம் என் துணைநாடியின் இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிக்கிறது என்று நாட்குறிப்பு சொல்லிற்று. வாரம் முழுக்கப் பார்த்தேன். 'நான்' என்ற சொல் அந்த நிரலில் இரண்டே இடத்தில்தான் இருந்தது.

அதில் ஒன்று வெள்ளிக்கிழமை 10.15க்கு. "கடைக் கொப்பி பார்த்தேன், இருபது நிமிசம்." முடிந்தது 8, சந்தோசம் 7. அந்த வாரத்தின் உச்சப் புள்ளி அதுதான். என்ன அது என்று கேட்டேன். சந்திக் கடையில் மாதக் கொப்பிக்குத்தான் சாமான் எடுப்பார்கள். கடைக்காரர் பக்கம் திருப்பும்போது கீழே போட்ட மொத்தத்தை அடுத்த பக்கத்துக்கு மேலே எழுதுவார். ஓரிடத்தில் 6,430 என்பது 6,340 ஆகியிருந்தது. அதாவது கடைக்காரருக்கு 90 ரூபா நட்டம். வித்தியாசம் ஒன்பதால் பிரிபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்காளர்களின் பழைய சூத்திரம், இவர் கண்ணில் அது உடனே பட்டிருக்கிறது. கொண்டுபோய்க் காட்டியபோது கடைக்காரர் கேட்டாராம்: "தங்கச்சி, நீங்கள் முந்தி எங்க வேலை செய்தனீங்கள்?" கிளிநொச்சிக்கு வந்த ஏழு மாதத்தில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்ற எல்லாருக்கும் அவர் 'இஞ்சினியற்ற மிஸிஸ்'.

வழக்கை நான் விளங்கிக்கொண்ட விதத்தை இங்கே சொல்லவேண்டும். 1930களின் தொடக்கத்தில் ஒஸ்திரியாவில் மரியந்தால் என்ற கிராமத்தில், ஊரின் ஒரே ஆலை மூடப்பட்டபின் வேலையிழந்தவர்களை ஓர் ஆய்வுக் குழு ஆராய்ந்தது. அந்தக் குழுவில் இருந்த சமூக உளவியலாளர் மரீ யஹோடா பிற்காலத்தில், சம்பளத்தைத் தவிர வேலை ஒருவருக்குத் தரும் ஐந்தை வகுத்தார்: நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலர் சேர்ந்த நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், ஒழுங்கான செயற்பாடு. வேலையை விட்டு வந்த மனைவிக்கு நாங்கள் எல்லாரும் கொடுக்க ஓடுவது முதலாவதையும் கடைசியையும். அட்டவணை போடு, ஏதாவது செய். ஆனால் வீட்டு வேலை உள்ள பெண்ணுக்கு அந்த இரண்டும் ஏற்கெனவே ஓரளவு இருக்கின்றன. போனவை நடுவில் உள்ள மூன்று. இந்தப் பெண்ணின் விடயத்தில் இன்னும் நுணுக்கமாகச் சொன்னால், அவர் இழந்தது இரண்டு: திறமையை மதிப்பிடத் தெரிந்த ஒருவர், செய்யாவிட்டால் காத்திருந்து கேட்கும் ஒருவர். யோகா அட்டவணை மூன்று வாரத்தில் விழுந்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல. அதில் காத்திருப்பவர் எவரும் இல்லை.

ஆகவே முழு வாரத்தையும் திட்டமிடும் வேலையை விட்டுவிட்டோம். வாரத்தில் ஒரு புள்ளி மட்டும். அது வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும், நாளும் நேரமும் மாறக்கூடாது, மறுமுனையில் ஓர் ஆள் காத்திருக்கவேண்டும், அவருடைய பழைய கையாவது மூளையாவது அதில் வேலை செய்யவேண்டும். ரியூஷனை அவர் மறுத்ததும் இந்த அளவுகோலால் விளங்கிற்று. கற்பித்தல் அவருடைய தொழில் அல்ல, கணக்கை முடிப்பதுதான்.

கடைக்காரரின் மச்சானுக்கு ஒரு சிறிய அரிசி ஆலை. செவ்வாய் ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே போய் ஏடு பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. முதலில் சும்மா செய்து தருகிறேன் என்று சொல்லப் போனார். கட்டணம் வாங்கவேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். துணைநாடியை நான் வற்புறுத்துவது அபூர்வம். இலவசமாகச் செய்தால் அது இஞ்சினியர் மிஸிஸின் உதவி. காசுக்குச் செய்தால் கணக்காளரின் வேலை. தொகை சிறியது, கொழும்புச் சம்பளத்தோடு ஒப்பிட ஒன்றுமில்லை, ஆனால் தன் பெயரில் உள்ள கணக்கில் விழுந்தது.

ஆலையில் என்ன கண்டார் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அவர் முகம் மாறியது அதைச் சொல்லும்போதுதான். முதலாளியிடம் நெல் வாங்கிய சிட்டைகள் ஒழுங்காக இருந்தன, அரிசி விற்ற சிட்டைகளும் இருந்தன. இருந்தும் கையில் காசு நிற்கவில்லை. இவர் காசை விட்டுவிட்டுக் கிலோவைப் பார்த்தார். 100 கிலோ நெல் குத்தினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரவேண்டும், மிச்சம் உமியும் தவிடும், குறுணலும் கொஞ்சம். அரிசிக் கணக்கு சரியாக வந்தது. தவிட்டுக்கும் குறுணலுக்கும் ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. மாட்டுக்கும் கோழிக்கும் என்று வாசலில் வைத்து விற்ற காசு, அன்றாடச் செலவுக்குள் போய்க்கொண்டிருந்தது. வேலையாட்களின் சேமலாப நிதிக் காசிலும் பிந்தல்: தொழிலாளியிடம் பிடிக்கும் 8 சதவீதமும் முதலாளி போடும் 12 சதவீதமும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்படவேண்டும், கட்டப்படவில்லை. தவிட்டுக்கென்று ஒரு கொப்பி போட்டார். அந்த மாதக் கடைசியில் முதலாளி இரவு போன் எடுத்து, "பிள்ளை, கணக்கு முடிஞ்சுதோ?" என்று கேட்டிருக்கிறார். 28ஆம் திகதி. அந்த மாதம் தலையிடிக் குளிசை எடுத்ததாக நாட்குறிப்பில் இல்லை.

ஆலைக்கு நான்கு கிலோமீற்றர். முதலில் கணவரின் வாகனத்தில், பிறகு ஓட்டோவில். கணவரின் வாகனம் என்றால் கணவரின் நேரம். கூட்டம் பிந்தினால் செவ்வாய்க்கிழமையும் பிந்தும். கொழும்பில் 155ஆம் இலக்க பஸ்ஸை நம்பி வாழ்ந்தவருக்கு இது ஒரு பிரச்சினையாகவே முன்னர் இருந்ததில்லை. வன்னியில் பெண்கள் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வயலுக்கும் அலுவலகத்துக்கும் போவதை அவர் தினமும் பார்க்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவின் மருமகள்தான் பின்னேரங்களில் கிறவல் ஒழுங்கையில் வைத்துப் பழக்கினார். உரிமம் கையில் வரும்வரை பிரதான வீதிக்கு ஏறவில்லை. சிகிச்சைத் திட்டத்தில் ஸ்கூட்டியை நான் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்த பலவற்றைவிட அது உதவியது.

பிறகு சறுக்கல். ஆலைக்குப் போகத் தொடங்கி இரண்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து கணவரின் மேலதிகாரிகள் களப் பார்வைக்கு வந்தார்கள். மத்தியானச் சாப்பாடு வீட்டில் என்று கணவர் முதல்நாள் இரவு சொன்னார். இவர் ஆலைக்கு வரமுடியாதென்று செய்தி அனுப்பினார். அடுத்த செவ்வாய் யாழ்ப்பாணத்திலிருந்து மாமியாட்கள், வற்றாப்பளைப் பொங்கலுக்கு. அதற்கடுத்த செவ்வாய் ஒன்றும் இல்லை, ஆனாலும் போகவில்லை. நித்திரை மீண்டும் மூன்று மணிக்குக் குழம்பிற்று.

இந்த வகை வழக்கில் இங்கேதான் கவனம் வேண்டும். மனநிலை விழுந்ததால் வழமை விழுந்ததா, வழமை விழுந்ததால் மனநிலை விழுந்ததா என்று நாட்குறிப்பில் முன்பின் பார்க்கவேண்டும். முதலாவது என்றால் மனச்சோர்வு ஆழமாகிறது, வைத்தியரிடம் திருப்பி அனுப்பவேண்டும். இங்கே நித்திரை குழம்பியது இரண்டு செவ்வாய்களை விட்டுக்கொடுத்த பிறகே. அப்படியென்றால் பேசவேண்டியது கணவரோடும்.

கணவர் வந்தார். நல்ல மனிதர், அதனால் பேச்சு கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது. "நான் ஒருநாளும் போகவேண்டாம் எண்டு சொல்லேல்லையே மிஸ்" என்றார். உண்மை, சொல்லவில்லை. சொல்லத் தேவை வரவில்லை. இரண்டு பேரின் வேலையும் ஒரே மணியில் மோதும்போது யாருடைய வேலை நகர்கிறது என்று மட்டும் இருவரையும் தனித்தனித் தாளில் எழுதச் சொன்னேன், கடந்த இரண்டு மாதத்துக்கு. இருவர் தாளிலும் ஒரே விடை. அதை அவர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பொறியியலாளர் மாதிரியே கேட்டார்: "சரி, எந்த நாள் அசைக்கக் கூடாது?"

செவ்வாயும் வெள்ளியும் காலை. அந்த இரு நாளும் மத்தியானப் பார்சல் இல்லை. அவர் அம்மாச்சி உணவகத்தில் சாப்பிடுவார். விருந்தினர் வந்தால் இரவுச் சாப்பாடு. குளம் வான்பாயும் நாட்களில் இது எதுவும் செல்லாது என்று மனைவியே ஒரு விதிவிலக்குச் சேர்த்தார். மாரியில் அணைக்கட்டில் நிற்கவேண்டிய மனிதரிடம் பார்சலுக்குச் சண்டை பிடிக்க அவருக்கு விருப்பமில்லை. யாருடைய விதிவிலக்கு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடன் ஏடு. அங்கே பெண்கள் அவரைக் 'கணக்குப் பார்க்கிற அக்கா' என்றார்கள். சிறிது நாளில் ஒரு கட்டட ஒப்பந்தகாரர் தேடி வந்தார், நல்ல கட்டணம், முழுநேர வேலையும் தரலாம் என்றார். அவருக்கு அந்த மாவட்டத்தில் யாருடைய ஒப்பந்தங்கள் என்று விசாரித்தால், கணவரின் திணைக்களம். இவர் அன்றே மறுத்துவிட்டார். சிறிய ஊரில் அதிகாரியின் மனைவியைத் தேடி வரும் வேலையில் எது மனைவியின் திறமைக்கு வருகிறது, எது அதிகாரியின் கையெழுத்துக்கு வருகிறது என்று பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. மறுத்ததை அவர் சொன்ன விதத்தில் கவலை இருந்தது, ஆனால் அந்த வாரத் தாளில் 'தீர்மானித்தது' நிரலில் எழுதியிருந்தது 'நான்'.

ஆறாம் மாதத்தில் பி.எச்.கியூ-9 புள்ளி 5. நித்திரை ஐந்தரை வரை வருகிறது. 'நான்' என்ற சொல் வாரத்தில் பத்துப் பன்னிரண்டு இடத்தில். மிச்சம் கணவர், தண்ணி, மாமி, குளம். கல்யாணமான எவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

சரிவராதவையும் உண்டு. பழைய பதவிக்கு நிகரான வேலை கிளிநொச்சியில் இல்லை, கிடைக்கவும் இல்லை. லிங்க்ட்இன்னில் என்ன பெயர் போடுவது என்று தெரியாமல் அதை மூடி வைத்திருக்கிறார். தொழிற்சான்றிதழ்ப் பரீட்சையில் மீதி இருந்த பாடங்களுக்குப் புதன் பின்னேரங்களை ஒதுக்கினோம். அது மட்டும் இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை, காத்திருந்து கேட்க ஆளில்லாத ஒரே நாள் அது. வவுனியாவில் அதே பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண்ணோடு தொலைபேசியில் சேர்ந்து படிக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கணவருக்கு நான்கு ஆண்டு முடிந்ததும் மீண்டும் இடமாற்றம் வரும். அப்போது ஆலையும் சங்கமும் கூடவராது. விண்ணப்பப் படிவத்தில் விரும்பும் இடங்களை எழுத முன்னர், அந்த ஊர்களில் மனைவிக்கு என்ன வேலை உண்டு என்று இருவரும் இருந்து பார்ப்பது என்று பேசியிருக்கிறார்கள். எழுத்தில் வைக்கச் சொன்னேன். கணவர் சிரித்தார், மனைவி எழுதினார்.